வலது காதில் மட்டும் ஒலி இல்லை: ஒரு ஜோடி இயர்பட்டின் பழுது ஆய்வு

என் அக்கா மகளின் ஒயர்லெஸ் இயர்பட் ஜோடியில் வலது பக்கம் ஒலிப்பதை நிறுத்திவிட்டது. வாங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. இடது பக்கம் எந்தக் குறையும் இல்லாமல் பாடுகிறது. வலதைக் காதில் வைத்தால் பாட்டு இல்லை, கரகரப்பும் இல்லை. காலையில் கல்லூரிப் பேருந்தில் பாட்டு, சாயங்காலம் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி, இரவில் தோழிகளோடு பேச்சு என்று நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவள்.

"ரீசெட் பண்ணியாச்சு மாமா, போன்ல அழிச்சுட்டு மறுபடி சேர்த்தும் பார்த்தாச்சு. கடையில கேட்டா ஸ்பீக்கர் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க" என்றாள்.

கடையில் யாரும் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை, எதையும் அளக்கவும் இல்லை. ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கர் என்பது எளிதாக வரும் பதில். ஆனால் இந்த வகைக் கருவியில், நேற்றுவரை நன்றாக இருந்த பக்கம் திடீரென்று முழுதாக நின்றுபோனால், ஸ்பீக்கர் என் பட்டியலில் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் மின்சாரம் இருக்கிறது, அதற்கு அடுத்து இரண்டு பட்டுக்கும் இடையிலான இணைப்பு இருக்கிறது. இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போக வேண்டும். வரிசை மாறினால் ஒரு பழுது இரண்டாகும். இந்த ஜோடியில் அதுவும் நடந்திருந்தது.

பாட்டு வலது காதுக்கு எப்படிப் போகிறது

வழக்கமான ப்ளூடூத்தில் போன் ஸ்டீரியோ பாட்டை ஒரே ஒரு கருவிக்குத்தான் அனுப்பும். இடது, வலது இரண்டுக்கும் உரிய ஒலி அந்த ஒரே ஓடையில் சேர்ந்து போகிறது. ஆகவே இரண்டு பட்களில் ஒன்று தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்டு போனோடு இணைகிறது. முதலில் வந்த மாடல்களில் தலைமைப் பட் பாட்டை வாங்கி, மற்றதற்குத் திருப்பி அனுப்பும். பின்னால் வந்த பலவற்றில் இரண்டாவது பட், போனிலிருந்து வரும் அலையைப் பக்கத்திலிருந்தே ஒட்டுக்கேட்டுத் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 2020 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட ப்ளூடூத் 5.2 வழியாக வந்த எல்.இ. ஆடியோ முறையில் இரண்டுக்கும் தனித்தனி ஓடை உண்டு. ஆனால் போன், பட் இரண்டுமே அதற்கு ஏற்றவையாக இருந்தால்தான் அது வேலை செய்யும். இவளுடையது பழைய முறைதான்.

கேஸைத் திறந்து பட்களை எடுத்ததும் நடப்பது இதுதான்: இரண்டும் விழித்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் நினைவிலும் தன் ஜோடியின் முகவரி பதிவாகி இருக்கிறது. அதை வைத்து ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. அப்புறம் தலைமைப் பட் போனைக் கூப்பிடுகிறது. ஜோடி கிடைக்கவில்லை என்றால், கிடைத்த பட் காத்திருக்காது. தான் தனி என்று முடிவுசெய்து, ஒற்றைக் காதுக்காரர்கள் எதையும் இழக்காமல் இருக்க, இரண்டு பக்க ஒலியையும் கலந்து தானே ஒலிக்கத் தொடங்கும்.

நல்ல துப்பு இந்தக் கடைசிக் குணத்தில்தான் இருக்கிறது. யூடியூபில் left right stereo test என்று தேடினால் வலது, இடது என்று மாறி மாறிச் சொல்லும் சோதனைக் காணொளிகள் வரும். அதில் ஒன்றை ஓடவிட்டு, ஒலிக்கிற பக்கத்தை மட்டும் கவனியுங்கள். இடது பட்டில் இடது குரல் மட்டும் கேட்டு, வலது குரல் வரும்போது அமைதியாகிவிட்டால், இரண்டு பட்டும் இணைந்திருக்கின்றன என்று பொருள். வலது பங்கு வலது பட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே ஒலியாக வெளியே வரவில்லை. இரண்டு குரலும் இடது பட்டிலேயே கேட்டால், இடது பட் தன்னைத் தனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வலது பட் கூட்டத்திலேயே இல்லை. அப்படியென்றால் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவதற்கே இன்னும் நேரம் வரவில்லை. சில மலிவான மாடல்கள் தனியாக இருக்கும்போதும் கலக்காமல் ஒரு பக்கத்தையே ஒலிக்கும். அவற்றில் இந்தச் சோதனை எதையும் காட்டாது.

இவளுடைய இடது பட்டில் இரண்டு குரலும் கேட்டன.

அடுத்தது, வலது பட் தானாக ஏதாவது சத்தம் எழுப்புகிறதா என்று பார்ப்பது. கேஸிலிருந்து எடுக்கும்போது வரும் "டிங்" ஒலியும், "கனெக்டட்" என்ற குரலும் போனிலிருந்து வருபவை அல்ல. பட்டின் உள்ளேயே பதிந்திருப்பவை. அவை கேட்டால் பேட்டரியும் ஸ்பீக்கரும் நலம் என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். வலது பட்டைக் கேஸிலிருந்து எடுத்து உடனே காதோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், தொடு பகுதியை நீளமாக அழுத்தியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பக் கேஸில் வைத்தபோது இடதில் சிறு விளக்கு எரிந்தது, வலதில் எரியவில்லை.

சரி, விஷயம் மின்சாரம்தான்.

கேஸுக்கும் பட்டுக்கும் நடுவே

கேஸின் குழிக்குள் ஸ்பிரிங் வைத்த குட்டிப் பின்கள் நிற்கும். பட்டின் அடியில் தங்கமுலாம் பூசிய சிறு தகடுகள் இருக்கும். காந்தம் பட்டைக் கீழே இழுக்க, பின் தகட்டைத் தொடும். சார்ஜ் போவது அந்த ஊசிமுனை அளவு தொடுகையில்தான். பட்டின் உள்ளே இருப்பது பொதுவாக 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி. இரண்டு நாள் தொடுகை கிடைக்கவில்லை என்றால் அது காலி.

கேஸ் மூடியைத் திறந்த சில நொடிகளுக்கு இரண்டு குழியிலும் பின்களில் மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தேன். இரண்டிலும் ஏறக்குறைய 5 வோல்ட் வந்தது. ஆகவே கேஸ் நன்றாக இருக்கிறது. மீட்டர் இல்லாதவர்கள் இதைவிட எளிதாக ஒன்று செய்யலாம்: பட்டைக் குழியில் வைத்து, விரலால் லேசாகக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் அழுத்தியதும் வலது விளக்கு எரிந்தது. விரலை எடுத்ததும் அணைந்தது. பழுது எங்கே என்பது அதிலேயே முடிவாகிவிட்டது. பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவில்.

ஏன் வலது பக்கம் மட்டும்? ரப்பரைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்தது. வலது காதில் பட் நழுவுகிறது என்று, கூட வந்த ரப்பரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய பெரிய சிலிக்கோன் ரப்பரை அந்தப் பக்கத்துக்கு மட்டும் போட்டிருக்கிறாள். காதுக்கு அது சரியாக இருக்கிறது, கேஸின் குழிக்கு இல்லை. ரப்பரின் விளிம்பு குழியின் சுவரில் முட்டுவதால் பட் ஒரு மயிரிழை உயரத்தில் நிற்கிறது. மூடியும் மூடிக்கொள்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரப்பரைக் கழற்றிவிட்டு வைத்தால், காந்தம் இழுத்து "டக்" என்று உட்காருகிறது. ரப்பரோடு வைத்தால் அந்தச் சத்தம் வருவதில்லை.

ரப்பரைக் கழற்றிய பிறகும் விளக்கு நிலையாக எரியவில்லை, விட்டுவிட்டு எரிந்தது. டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் தகடுகளைப் பார்த்தேன். ஒரு தகட்டின் மேல் பச்சை கலந்த கறுப்புப் படலம். குழியில் அதற்கு எதிரே இருந்த பின், அழுத்தினால் உள்ளே போய் மெதுவாகத்தான் மேலே வந்தது. ஓட்டப் பயிற்சி முடிந்ததும் வேர்வையோடு அப்படியே கேஸில் போட்டு மூடியதன் விளைவு இது. வேர்வையில் உப்பு இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான தகட்டின் மேல் கேஸ் 5 வோல்ட்டைக் கொடுக்கும்போது, அந்த இடத்தில் மின்னாற்பகுப்பு நடந்து உலோகம் அரிக்கப்படுகிறது. வெறும் ஈரத்தில் பல மாதம் ஆகும் அரிப்பு, மின்னழுத்தம் சேர்ந்தால் மிக விரைவாக நடந்துவிடும். வேர்வை வழியும் நம் ஊர் வெயிலில் ஓட்டம், ஜிம், ஹெல்மெட் என்று பட் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. ஒரு துணியில் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் காற்றில் விட்டுவிட்டுக் கேஸில் வைத்தால் போதும், பெரும்பாலும் வராது.

சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் சாமான்கள் விற்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் அதைத் தொட்டு, சொட்டாதபடி பிழிந்துவிட்டு, தகட்டைத் தேய்க்க வேண்டும். பஞ்சில் கறுப்பு வருவது நின்ற பிறகுதான் நிறுத்த வேண்டும். குழியில் இருக்கும் பின்னுக்கு மரப் பல்குத்தி நல்லது. நுனியில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டு, பின்னை மேலும் கீழுமாகச் சில முறை அழுத்திவிட்டால் உள்ளே இறுகியிருக்கும் அழுக்கு தளர்ந்து, ஸ்பிரிங் பழையபடி துள்ளும். ஊசி, கத்தி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். ஊசி இரண்டு பின்களையும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும். உப்புத்தாள் தேய்த்தால் முதல் நாள் பளிச்சென்று வேலை செய்யும், ஆனால் மெல்லிய தங்கமுலாம் போய்விட்டிருக்கும். அதன் அடியில் உள்ள உலோகம் அடுத்த வேர்வையிலேயே அரிக்கத் தொடங்கும்.

பட்டையும் கேஸையும் நன்றாகக் காயவிட்டு, ரப்பர் இல்லாமல் வைத்தேன். உடனே விளக்கு எரியவில்லை. இந்த இடத்தில்தான் பலர் பட் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், பாதுகாப்புக்காக, சார்ஜ் செய்யும் சில்லு முழு மின்னோட்டத்தைக் கொடுக்காது. மிகக் குறைவாகக் கொடுத்து, பேட்டரியை மெல்லத் தூக்கிவிட்டு, அதன் பிறகுதான் வழக்கமான வேகத்துக்குப் போகும். அந்தச் சமயத்தில் விளக்கு, குரல் எதுவும் இல்லாமல் இருக்கலாம். கேஸை சார்ஜரில் சொருகி, மூடியை மூடி, இரண்டு மணி நேரம் திறக்காமல் விட்டுவிட வேண்டும். நடுநடுவே திறந்து பார்த்தால், ஒவ்வொரு முறையும் பட் விழித்துக்கொள்ள முயன்று, ஏறிய கொஞ்சத்தையும் செலவழித்துவிடும். வெளியிலிருந்து வேறு சார்ஜரை வயர் வைத்துக் கொடுத்து "எழுப்பும்" வித்தை சில காணொளிகளில் வருகிறது. இவ்வளவு சிறிய லித்தியம் பேட்டரியில், அதுவும் காதுக்குள் வைக்கும் பொருளில், அதைச் செய்யவே கூடாது.

இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது வலது விளக்கு எரிந்தது. எடுத்துக் காதில் வைத்ததும் "டிங்" கேட்டது. ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பாட்டு போட்டால் இன்னும் இடதில் மட்டும்தான்!

ரீசெட் செய்ததால் வந்த இரண்டாவது பழுது

போனின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து பார்த்தபோது ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று இணைந்திருந்தது, மற்றது இணையக் காத்திருந்தது. இரண்டு பட்டும் இப்போது தனித்தனிக் கருவிகளாகத் தங்களைக் காட்டிக்கொள்கின்றன.

நடந்தது இதுதான். வலது பட்டில் சார்ஜே இல்லாத நாட்களில் அவள் திரும்பத் திரும்ப ரீசெட் செய்திருக்கிறாள். ரீசெட் கட்டளை உயிரோடு இருந்த இடது பட்டுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது. அது தன் நினைவில் இருந்ததை எல்லாம் அழித்தது, போனின் பதிவையும், இந்த மாடலில் தன் ஜோடியின் முகவரியையும் சேர்த்து. வலது பட் அப்போது அணைந்து கிடந்தது. இப்போது விழித்து, பழைய ஜோடியைத் தேடுகிறது. அந்தப் பக்கமோ இதை அடையாளம் தெரியாது என்கிறது. முதல் பழுது தொடுகையில் இருந்தது. அது சரியான பிறகும், இரண்டாவது பழுது அதே அறிகுறியோடு அங்கேயே நிற்கிறது. பலர் நல்ல பட்டைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு விளக்கும் எரிவதைக் கண்ணால் பார்க்காமல் ரீசெட்டைத் தொடக்கூடாது.

சரிசெய்யும் முறை கடினமில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் போனில் அந்த இரண்டு வரிகளையும் Forget அல்லது Unpair கொடுத்து நீக்கினேன். அவளுடைய லேப்டாப்பிலும் இந்த இயர்பட் பதிவாகி இருந்தது. அதிலிருந்தும் நீக்கினேன். நீக்காமல் விட்டால், விழித்த ஒரு பட்டை லேப்டாப் இழுத்துக்கொண்டு போய்விடும், ஜோடி சேர நேரம் கிடைக்காது. பிறகு இரண்டு கருவியிலும் ப்ளூடூத்தை அணைத்தேன். இரண்டு பட்டையும் கேஸில் வைத்து, இரண்டு விளக்கும் எரிவதை உறுதிசெய்துகொண்டு, மூடி திறந்த நிலையில் கேஸின் பொத்தானை விளக்குகள் மின்னும்வரை அழுத்திப் பிடித்தேன். பெரும்பாலான மாடல்களில் இது 10 முதல் 15 நொடி. பொத்தான் இல்லாத கேஸ்களில் இரண்டு பட்டின் தொடு பகுதியையும் ஒரே நேரத்தில் பிடிக்கச் சொல்வார்கள். இது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் உள்ளதைத்தான் செய்ய வேண்டும்.

அதன் பிறகு மூடியை மூடி, கொஞ்சம் பொறுத்துத் திறந்து, இரண்டையும் ஒன்றாக வெளியே எடுத்து அருகருகே மேசையில் வைத்தேன். போனின் ப்ளூடூத் இன்னும் அணைந்த நிலையில்தான். முதலில் இரண்டும் மின்னின. சிறிது நேரத்தில் ஒன்று அடங்கியது, மற்றது மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஒன்று தலைமையாகி, மற்றது அதனோடு சேர்ந்துவிட்டதற்கு அடையாளம் அது. அதைப் பார்த்த பிறகுதான் போனின் ப்ளூடூத்தைப் போட வேண்டும். பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது, சேர்த்தேன். சோதனைக் காணொளியில் இடது குரல் இடதிலும் வலது குரல் வலதிலும் கேட்டன.

அறிகுறி வேறாக இருந்திருந்தால்

முதல் சோதனையில் இடது பட் இடது குரலை மட்டும் ஒலித்திருந்தால், நான் வேறு வழியில் போயிருப்பேன். அப்போது வலது பட்டின் "டிங்" கேட்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

"டிங்" கேட்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்றால் போனைப் பார்க்க வேண்டும். Settings-இல் Accessibility-க்குள் ஒலி தொடர்பான பகுதியில் இடது, வலது முனைகளோடு ஒரு சமநிலைக் கோடு இருக்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. அது ஒரு முனைக்கு நகர்ந்திருந்தால் மற்றப் பக்கம் முழு மௌனம். வேறொரு போனில் இணைத்துப் பார்த்தாலும் இது தெரிந்துவிடும். காதில் இருப்பதை உணரும் சென்சார் உள்ள மாடல்களில், அந்தச் சிறு கறுப்புப் புள்ளியின் மேல் அழுக்கு படிந்தால் பட் தன்னைக் காதுக்கு வெளியே இருப்பதாக நினைத்து அடங்கிப்போகலாம். துடைத்துப் பாருங்கள், அல்லது ஆப்பில் அந்த வசதியை அணைத்துப் பாருங்கள். அழைப்பில் மட்டும் ஒரு பக்கம் கேட்கவில்லை, பாட்டு இரண்டிலும் வருகிறது என்றால், பழைய மாடல்கள் சிலவற்றில் அது அமைப்பே அப்படித்தான். பழுது இல்லை.

பட்டின் பேட்டரி அளவு போனில் தெரிகிறது, அதைத் தொட்டால் பாட்டு நிற்கவும் ஓடவும் செய்கிறது, ஆனால் பாட்டும் "டிங்"கும் துளிகூட வெளியே வரவில்லை என்றால்தான் சந்தேகம் ஸ்பீக்கர் பக்கம் வரும். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது, ஒலி வெளியே வரும் வாயை மூடியிருக்கும் வலைதான். காது அழுக்கு அடைத்தால் ஒலி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், ஒரே நாளில் நிற்காது. மழையிலோ வேர்வையிலோ வலை நனைந்தால் தண்ணீர்ப் படலம் ஒலியைத் திடீரென்று அடைத்துவிடும். காய்ந்ததும் தானாகத் திரும்பிவிடும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டித் தேய்த்தால் அழுக்கு வெளியே விழும். குத்திவிட்டால் உள்ளே போய்விடும். இதற்கும் அசையவில்லை, பட் கீழே விழுந்த வரலாறும் இருக்கிறது என்றால், ஸ்பீக்கர் போயிருக்கலாம். ஒட்டி மூடிய கூட்டைத் திறப்பது வீட்டு வேலை அல்ல. வாரண்டி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தனியாக விற்கிறார்கள் என்றால், அதே மாடலாக இருப்பது மட்டும் போதாது, உள்ளிருக்கும் மென்பொருள் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஜோடி சேர மறுக்கலாம்.

இவளுடைய வலது பட்டில் ஒரு குறை மட்டும் நிற்கிறது. பேட்டரி நீண்ட நாள் அடிமட்டத்தில் கிடந்ததால் கொள்ளளவு கொஞ்சம் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாக எடுத்துப் பாட்டு கேட்டால் வலது பக்கம் முன்னதாகவே "பேட்டரி லோ" என்கிறது. இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அழைப்பு பேசும்போது மைக்கும் சேர்ந்து வேலை செய்வதால் பேட்டரி வேகமாக இறங்கும். அதனால் நீண்ட அழைப்புகளுக்கு இடதை மட்டும் எடுத்துக்கொண்டு வலதைக் கேஸிலேயே விட்டுவிடச் சொன்னேன். பெரிய ரப்பரை விட அவளுக்கு மனசில்லை. ஓடும்போது மட்டும் போட்டுக்கொண்டு, கேஸில் வைக்கும்முன் கழற்றி, "டக்" கேட்ட பிறகு மூடுகிறாள்.